கிழக்கு ஹாம் கடைத்தெருவில் புழுங்கலரிசி

லண்டனின் கிழக்கு ஹாமில் ஹை ஸ்ட்ரீட் நார்த் சாலையில் தமிழ்நாட்டுக்காரர்கள், இலங்கைத் தமிழர்கள், மலையாளிகள் எல்லோரும் சாமான் வாங்கும் மளிகைக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே ஒரே அடுக்கில் ‘பொன்னி’ என்று அச்சிட்ட ஐந்தாறு மூட்டைகளைப் பார்க்கலாம். விலை வேறு, நிறம் வேறு, மணியின் நீளமும் வேறு. தஞ்சாவூரிலிருந்து புதிதாகக் குடிவந்த குடும்பம் தெரிந்த பெயரைப் பார்த்ததும் பத்துக் கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகும். வடித்தால் சோறு குழையும், அல்லது விறைத்து நிற்கும். மூட்டையில் இருப்பது கெட்ட அரிசியாக இருக்காது. அந்த வீட்டுக்கு வேண்டிய அரிசியாக அது இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு முதல் காரணம் சட்டத்தில் இருக்கிறது. பிரிட்டனில் பாசுமதிக்கு மட்டும் தனி விதிமுறை உண்டு. 2005-இல் வந்து 2017-இல் திருத்தப்பட்ட அந்த விதிமுறைப்படி, பாசுமதி என்று விற்கும் அரிசியில் வேறு ரகம் 7 சதவீதத்துக்கு மேல் கலந்திருக்கக் கூடாது. எந்தெந்த நெல் ரகங்களைப் பாசுமதி என்று அழைக்கலாம் என்ற பட்டியலும் அதில் இருக்கிறது. கலப்படத்தை மரபணுச் சோதனையில் கண்டுபிடிக்கிறார்கள். பொன்னிக்கோ சோனா மசூரிக்கோ இட்லி அரிசிக்கோ இப்படி ஒரு பட்டியல் கிடையாது. மூட்டையில் அந்தப் பெயரை அச்சிடுவது ஏற்றுமதியாளரின் பழக்கத்தையும் நேர்மையையும் பொறுத்தது.

பெயரே பல கைகள் மாறி வந்ததும் குழப்பத்தைக் கூட்டுகிறது. பொன்னியின் மூலம் மலேசியாவில் ஒட்டுக்கட்டி உருவாக்கிய மசூரி என்ற நெல். அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்டது. அதே மசூரியின் வழியில் ஆந்திரத்தின் பாபட்லா ஆராய்ச்சி நிலையத்தில் பி.பி.டி. 5204 என்ற சம்பா மசூரி பிறந்தது. தமிழ்நாட்டு அரிசி மண்டிகளில் அதை ‘ஆந்திரப் பொன்னி’ என்பார்கள். ஆகவே ஒரு மூட்டையில் வெள்ளைப் பொன்னியும் இன்னொன்றில் பி.பி.டி.யும் இருந்து, இரண்டின் மேலும் பொன்னி என்றே போட்டிருந்தால், அதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. ஊர் மண்டியின் பேச்சு வழக்கு அப்படியே கப்பலேறி வந்திருக்கிறது.

பெயரைவிட உறுதியான தகவல் அதற்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். ‘ரா’ என்றால் பச்சரிசி. ‘பாயில்ட்’ அல்லது ‘பார்பாயில்ட்’ என்றால் புழுங்கல். புதிதாக வருகிறவர்களில் சிலர் ‘பாயில்ட்’ என்பதை ஏற்கெனவே வெந்த, உடனே சாப்பிடத் தயாரான அரிசி என்று நினைத்துவிடுகிறார்கள். நெல்லாக இருக்கும்போதே ஊறவைத்து, ஆவி காட்டி, உலர்த்தி அரைத்தது என்பதுதான் அதன் பொருள். இவை இரண்டுக்கும் நடுவில் ‘ஸ்டீம்’ என்று ஒன்று வரும். நெல்லுக்குக் கொஞ்ச நேரம் மட்டும் ஆவி காட்டி அரைத்த அரிசி அது. பார்வைக்குப் பச்சரிசி போல வெளுப்பாக இருக்கும், சோறு அவ்வளவாகக் குழையாது. வட இந்தியக் கடைகளில் ‘செல்லா’ என்று போட்டிருந்தால் அதுவும் புழுங்கல்தான். பெரும்பாலும் அது நீள மணிப் பாசுமதிப் புழுங்கலாக இருக்கும், இட்லிக்கு உதவாது.

எழுத்தை நம்ப வேண்டாம் என்றால் மணியைப் பார்க்கலாம். நல்ல கடைகளில் மாதிரிக்கு ஒரு கிண்ணத்தில் அரிசியை வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் மூட்டையின் கண்ணாடிப் பகுதி வழியாகப் பார்க்கலாம். புழுங்கல் மணி கண்ணாடி போல ஒளியை உள்ளே விடும், இளமஞ்சள் சாயல் இருக்கும். ஆவியில் மாவுச்சத்து இளகி மீண்டும் இறுகுவதால் மணிக்குள் இருந்த வெண்திட்டு மறைந்துவிடுகிறது. பச்சரிசியில் மணி வெளுப்பாக இருக்கும், நடுவிலோ ஓரத்திலோ சுண்ணாம்பு வைத்தது போல ஒரு திட்டு தெரியும். பத்து மணிகளைக் கறுப்புத் தட்டில் போட்டு ஜன்னலோரம் பார்த்தால் போதும், இந்த வேறுபாடு கண்ணில் படும். புழுங்கல் என்று எழுதிய மூட்டையில் பாதி மணிகள் வெண்திட்டோடு இருந்தால் ஆவி சரியாக ஏறவில்லை, அல்லது பச்சரிசி கலந்திருக்கிறது என்று பொருள்.

இட்லி அரிசிக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. மணி குட்டையாகவும் தடிமனாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இட்லிக்குப் பேர் பெற்ற ஆடுதுறை 37, அம்பாசமுத்திரம் 16 ஆகிய ரகங்கள் இரண்டும் குண்டு மணி. வெளிநாட்டு மூட்டைகளில் இந்த ரகப் பெயர்கள் வருவது அரிது, ‘இட்லி ரைஸ்’ என்று மட்டுமே இருக்கும். மணி மெலிந்து நீண்டிருந்தால் சாப்பாட்டுப் புழுங்கலை அந்தப் பெயரில் அடைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அதிலும் இட்லி வரும், ஆனால் மாவு அரைபடும் பதம் மாறும், மென்மை குறையும்.

அடுத்தது அரிசியின் வயது. இதை மூட்டை பெரும்பாலும் சொல்வதில்லை. அறுவடையாகி ஆறு மாதத்துக்குள் வரும் புது அரிசி கஞ்சியை நிறைய விடும், சோறு ஒன்றோடொன்று ஒட்டும். ஓராண்டு கிடந்த அரிசி தண்ணீரை அதிகம் இழுத்து, நன்றாகப் பருத்து, உதிரியாக வடியும். கிடக்கக் கிடக்க மணிக்குள் மாவுச்சத்தும் புரதமும் இறுகுவதால் இந்த மாற்றம் வருகிறது. பாசுமதியை ‘ஏஜ்டு’ என்று சொல்லி விற்பதற்கும் இதுதான் காரணம். பொன்னி வாங்குகிறவர்கள் மூட்டையில் அடைத்த தேதியைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் அது அடைத்த தேதியே தவிர அறுவடைத் தேதி இல்லை. கடைக்காரரிடம் “அண்ணே, இது புது அரிசியா, பழசா?” என்று கேட்பதே இதற்குச் சுருக்கமான வழி. மொத்தமாக இறக்குமதி செய்கிறவர்களுக்கு இது தெரியும். தெரியாது என்று சொல்லும் கடையில் முதலில் சிறிய மூட்டையாக எடுப்பது நல்லது.

இவற்றையெல்லாம் ஒன்றாகப் பொருத்திப் பார்க்க, இட்லி சரியாக வராத ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். நவம்பர் மாதம், லண்டன் குளிர். நான்கு பங்கு ‘இட்லி ரைஸ்’, ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். ஐந்து மணி நேரம் ஊறவைத்து அரைத்து, இரவு முழுக்க மேடையில் வைத்திருக்கிறார்கள். காலையில் இட்லி தட்டையாக, பிசுபிசுப்பாக வருகிறது. ஊருக்குத் தொலைபேசியில் சொன்னால், “அங்க நல்ல அரிசி எங்க கிடைக்கப் போகுது?” என்றுதான் அம்மா கேட்பார்.

ஆனால் பழி அரிசியின் மேலா, உளுந்தின் மேலா, குளிரின் மேலா என்பதை மாவே சொல்லும். காலையில் மாவு மேலெழும்பவே இல்லை, புளிப்பு வாடையும் இல்லை என்றால் காரணம் குளிர். சமையலறை 16, 17 டிகிரியில் இருந்தால் ஊரில் எட்டு மணி நேரத்தில் புளிக்கும் மாவுக்கு இங்கே பதினாறு மணி நேரம்கூடப் போதாது. அடுப்பை மூட்டாமல், அவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்தால் அந்தச் சிறு வெப்பமே போதும். புளிப்பு வாடை வந்தும் மாவு உயரவில்லை என்றால் உளுந்தைப் பார்க்க வேண்டும். பழைய உளுந்து அரைக்கும்போது பொங்கி நுரைக்காது, அதனால் மாவுக்குள் உண்டாகும் காற்றைப் பிடித்துவைக்க முடியாது. லண்டன் கடைகளில் உடைத்த உளுந்து, தோலோடு கறுப்பு உளுந்து, தோல் நீக்கிய முழு உளுந்து மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வேண்டியது மூன்றாவது. பொட்டலத்தில் ‘உரித் கோட்டா’ என்றும் போட்டிருப்பார்கள்.

மாவு நன்றாகப் பொங்கி இரட்டிப்பாகியும் இட்லி மட்டும் பிசுபிசுத்துப் பல்லில் ஒட்டினால்தான் அரிசியைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது மூட்டையில் மீந்ததைக் கறுப்புத் தட்டில் போட்டுப் பார்த்தால், வெண்திட்டுள்ள பச்சரிசி மணிகளோ, நீளமான வேறு ரகமோ தெரியக்கூடும். மூட்டையைத் திருப்பிக் கொடுக்க முடியாவிட்டால் வீணாக்க வேண்டியதில்லை. பாதிக்குப் பாதி நல்ல புழுங்கலோடு கலந்து தோசைக்கு அரைத்துத் தீர்த்துவிடலாம். தோசைக்குப் பச்சரிசி கலப்பது வழக்கம்தான், மொறுமொறுப்பும் கூடும்.

ஒரே கடையின் அடுத்த அடுக்கு இலங்கைத் தமிழருக்கானது. தமிழ்நாட்டுக்காரர்கள் இங்கே தடுமாறும் சொல் ‘சம்பா’. தமிழ்நாட்டில் அது நெல் பருவத்தின் பெயர், சீரகச் சம்பா போன்ற ரகங்களின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலங்கை மூட்டையில் சம்பா என்றால் சிறிய, உருண்டையான புழுங்கல் மணி. அதைவிடப் பொடி மணியாக இருப்பது கீரிச் சம்பா. திண்டுக்கல் பாணி பிரியாணி செய்ய நினைத்து இலங்கைச் சம்பாவை வாங்கினால் பிரியாணியில் வாசனை வராது. சீரகச் சம்பா மணி சிறியதுதான், ஆனால் அது பச்சரிசி, பொட்டலத்தைத் திறந்ததுமே மணக்கும். இரண்டும் சிறுமணி என்பதைத் தவிர ஒற்றுமை இல்லை.

சிவப்பு அரிசியிலும் இதே கவனம் வேண்டும். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் யாழ்ப்பாணத்து வீடுகள் தேடுவது சிவப்புப் பச்சையரிசி. கேரளக்காரர்களின் மட்டை அரிசி சிவப்பாக இருந்தாலும் அது புழுங்கல், தடித்த மணி, சோற்றுக்கானது. மட்டையை இடித்துப் புட்டு அவித்தால் மா சரியாகச் சேராமல் முரமுரவென்று நிற்கும். கறுப்பு அரிசியில் கறுப்புக் கவுனி வேண்டியவர்களுக்குக் கிழக்காசியக் கடைகளின் கறுப்பு அரிசி கண்ணில் படும். கவுனி ஒட்டும் தன்மையுள்ள அரிசி, வெந்தால் பிசுபிசுப்பாகச் சேரும். ஆசியக் கறுப்பு அரிசிகளில் ஒட்டுவதும் உண்டு, உதிரியாக நிற்பதும் உண்டு, அதனால் பொட்டலத்தில் ஒட்டும் அரிசி என்ற குறிப்பைப் பார்த்து எடுக்க வேண்டும். எந்த நிற அரிசியானாலும் நிறம் தவிட்டில்தான் இருக்கிறது. மணியை உடைத்தால் உள்ளே வெளுப்பாக இருப்பது இயற்கை, அதைப் பார்த்துச் சாயம் என்று பயப்பட வேண்டாம். கழுவிய தண்ணீர் ஊதாவாக மாறுவதும் அப்படித்தான்.

அரிசி திடீரென்று கடையிலிருந்து காணாமல் போவதற்கும் விலை ஏறுவதற்கும் காரணம் பல நேரங்களில் டெல்லியில் இருக்கும். 2023 ஜூலை 20 அன்று இந்திய அரசு பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அமெரிக்க இந்தியக் கடைகளில் சோனா மசூரிக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு மூட்டை என்று சில கடைகள் கட்டுப்பாடு வைத்தன. தடை பச்சரிசிக்குத்தான், புழுங்கலுக்கு இல்லை. ஆனால் அடுத்த மாதமே புழுங்கலுக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. ஆகவே அந்தக் காலத்தில் புழுங்கல் சோறு சாப்பிடும் வீடுகளுக்கு அரிசி கிடைத்தது, விலைதான் கூடியது. பச்சரிசியை நம்பிய வீடுகள்தான் வேறு ரகத்துக்கு மாற வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் தடை நீங்கியது, அக்டோபரில் புழுங்கலின் வரியும் நீக்கப்பட்டது. இப்படி ஒரு செய்தி வரும்போது எந்த அரிசிக்குத் தடை என்பதைப் படித்துவிட்டால், தேவையில்லாமல் மூட்டை மூட்டையாக வாங்கி வண்டுக்குக் கொடுக்க வேண்டியிருக்காது.

மசாலாப் பொடியில் வேலை இன்னும் எளிது, ஏனென்றால் பொட்டலத்தின் பின்பக்கம் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. பிரிட்டன், ஐரோப்பா, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா எல்லா இடங்களிலும் சேர்க்கப்பட்ட பொருட்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்தித்தான் அச்சிட வேண்டும். முன்பக்கம் குழம்பு மிளகாய்த்தூள் என்று இருந்தால், பின்பக்கம் முதலில் மல்லி, அடுத்து மிளகாய், பிறகு பருப்பு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் என்ற போக்கில் வர வேண்டும். இரண்டாவது இடத்திலோ மூன்றாவது இடத்திலோ உப்பு இருந்தால் அந்தப் பொடி குழம்பை எளிதில் கரிக்க வைக்கும். சோளமாவோ அரிசி மாவோ முன்னால் வந்தால், குழம்பு கெட்டியாவது மசாலாவால் இல்லை. சாம்பார் பொடியில் பட்டையும் கொப்பரையும் இருந்தால் அது கர்நாடகப் பாணி. நல்ல சாம்பார்தான், ஆனால் தஞ்சாவூர் வீட்டுச் சாம்பார் வாசனை அதில் வராது.

‘மெட்ராஸ் கறி பவுடர்’ என்ற டப்பா உலகம் முழுக்க இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் ஐரோப்பியச் சமையலறைக்காக உருவான கலவை அது. சென்னை வீடுகளில் அப்படியொரு பொடி கிடையாது. அதை வாங்கிக் காரக்குழம்பு வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இலங்கைப் பொடிகளில் ஒரு முக்கியமான பிரிவு இருக்கிறது, தவறவிட்டால் கறியே மாறிப்போகும். யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்குச் செத்தல் மிளகாயும் மல்லியும்தான் முதல். அவற்றோடு பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து அரைப்பார்கள். நிறம் கடும் சிவப்பாக இல்லாமல், கொஞ்சம் கருகிய செங்கபிலமாக இருக்கும். ஆட்டிறைச்சிக் கறிக்கும் நண்டுக் கறிக்கும் அந்த வறுத்த வாசனைதான் உயிர். பக்கத்திலேயே ‘ரோஸ்டட் கறி பவுடர்’ என்று சிங்களப் பாணிப் பொடி இருக்கும். அதுவும் வறுத்தது, நிறமும் கபிலம். ஆனால் அதில் பெரும்பாலும் மல்லி, சீரகங்கள், பட்டை, ஏலம் மட்டும் இருக்கும், மிளகாய் இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும். அந்தச் சமையலில் மிளகாயைத் தனியே போடுவார்கள். பொருள் வரிசையில் மிளகாய் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம்.

முழு மிளகாய் வாங்கி வீட்டில் திரிக்கிறவர்களும் உண்டு. வெளிநாட்டுக் கடைகளில் எளிதில் கிடைப்பது காஷ்மீரி மிளகாய். நிறம் அள்ளிக் கொடுக்கும், காரம் கொடுக்காது. ராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது என்றாலும் கடல் கடந்து அபூர்வமாகவே வருகிறது. காஷ்மீரியோடு குண்டூர் வகைக் கார மிளகாயைப் பாதி பாதி கலந்தால் ஊர்த் தூளின் நிறத்துக்கும் காரத்துக்கும் அருகில் வந்துவிடலாம். மிக்சியில் திரிப்பதானால் அரை நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். சூடேறினால் வாசனை எண்ணெய் பறந்து பொடி மந்தமாகிவிடும்.

ஒரே நிறுவனத்தின் பொடி நாட்டுக்கு நாடு மாறுவதும் உண்டு, அதில் தவறொன்றும் இல்லை. சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், ஐக்கிய அரபு அமீரகத்திலும் அப்படியே. அதனால் கசகசா சேர்ந்த குருமா மசாலாவை அங்கே அந்த வடிவில் விற்க முடியாது. ஊரிலிருந்து போகும்போது பெட்டியில் கசகசா வைத்துக்கொண்டு போவது சிக்கலில் முடியும். குருமாவுக்குக் கெட்டித்தன்மை வேண்டியவர்கள் முந்திரியை அரைத்துவிடுகிறார்கள். பெருங்காயத்தில் வேறொரு கவனம் வேண்டும். தூள் பெருங்காயம் தனிப் பிசின் இல்லை, மாவில் கலந்தது. பல டப்பாக்களில் அது கோதுமை மாவு. கோதுமை ஒவ்வாத நோயுள்ளவர்கள் இருக்கும் வீட்டில் அரிசி மாவில் கலந்த பெருங்காயத்தைத் தேட வேண்டும், அதுவும் பின்பக்க எழுத்தில் இருக்கும்.

2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் அதைத் தொடர்ந்து சிங்கப்பூரும் இந்தியாவின் இரண்டு பெரிய நிறுவனங்களின் சில மசாலாக்களை எத்திலீன் ஆக்சைடு என்ற ரசாயனத்துக்காகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வைத்தன. கிருமியைக் கொல்ல மசாலாவில் பாய்ச்சும் வாயு அது. அமெரிக்கா ஓர் அளவு வரை அதை அனுமதிக்கிறது, ஐரோப்பா மசாலாவில் அதைப் பயன்படுத்த விடுவதில்லை. பொட்டலத்தைப் பார்த்தோ முகர்ந்தோ இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அச்சிட்ட பொட்டலமாக வாங்குவது ஒன்றே வாங்குகிறவர் செய்யக்கூடியது. அது இருந்தால்தான் திரும்பப் பெறும் அறிவிப்பு வரும்போது தொகுதி எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். எந்த முகவரியும் இல்லாமல் ஊர்ப் பொட்டலமாகவே வந்த சரக்கு அந்தக் கண்காணிப்புக்கு வெளியே வந்தது.

நொறுக்குத் தீனியில் முதல் பிரச்சினை தூரம். முறுக்கு, மிக்சர், தட்டை எல்லாம் எண்ணெயில் பொரித்தவை, நான்கு முதல் ஆறு மாதம் வரைதான் தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். தூத்துக்குடியிலோ சென்னையிலோ கப்பலேறி, துறைமுகச் சோதனை முடிந்து, மொத்த வியாபாரியின் கிடங்கில் கிடந்து கடைக்கு வரும்போது அதில் கணிசமான பகுதி போயிருக்கும். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் மேல் தாக்குதல் தொடங்கியபோது பல சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின, அதனால் ஐரோப்பாவுக்கு வரும் பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. அரிசிக்கு அது பொருட்டில்லை, முறுக்குக்குப் பொருட்டு.

பொட்டலத்தைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது தேதி. இந்தியாவில் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுவார்கள். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் வைப்பார்கள். 05/08 என்று இந்தியப் பொட்டலத்தில் இருந்தால் அது ஆகஸ்ட் 5, அமெரிக்கக் கடையில் பழக்கத்தில் படிக்கிறவர் மே 8 என்று நினைப்பார். மூன்று மாத வித்தியாசம். உற்பத்தித் தேதி மட்டும் போட்டு, ‘உற்பத்தியிலிருந்து நான்கு மாதம்’ என்று வேறொரு மூலையில் எழுதியிருக்கும் பொட்டலங்களில் விரல்விட்டு எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். இறக்குமதியாளர் அந்நாட்டு விதிப்படி ஊட்டச்சத்து விவரத்தைத் தனித் தாளில் ஒட்டுவது இயல்பு. அந்தத் தாள் பழைய தேதியை மறைத்து ஒட்டியிருந்தால் பொட்டலத்தைத் திரும்ப அடுக்கில் வைத்துவிடுவதே சரி.

அடுத்தது பொட்டலத்தின் உப்பல். பொரித்த பண்டம் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க நைட்ரஜன் வாயு நிரப்பி அடைக்கிறார்கள். பொட்டலம் தளர்ந்து, உள்ளிருக்கும் முறுக்கு விரலில் தட்டுப்பட்டால் வாயு கசிந்திருக்கிறது. உட்பக்கம் எண்ணெய் படிந்து கோடுகளாகத் தெரிந்தாலும் அதே கதை. வீட்டில் திறந்ததும் பழைய வண்ணப்பூச்சு போன்ற ஒரு வாடை வந்தால் தேதி மீதமிருந்தாலும் சாப்பிடக் கூடாது, ரசீதோடு கொண்டுபோய்க் கொடுத்தால் பெரும்பாலான கடைகள் மாற்றித் தருகின்றன. மெத்தென்று நமர்த்துப் போனது மட்டும் என்றால் வாடை இருக்காது, 120 டிகிரி அவனில் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும்.

மணப்பாறை முறுக்கும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் இந்தியாவில் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பாதுகாப்பு வெளிநாட்டில் தானாகச் செல்லுபடியாகாது, அதற்குத் தனியே பதிவு வேண்டும். ஆகவே ‘மணப்பாறை’ என்று முன்பக்கம் இருந்தால் பின்பக்கம் தயாரித்த இடத்தையும் பார்க்க வேண்டும். திருச்சி மாவட்ட முகவரி இருந்தால் நம்பலாம். லண்டனிலோ டொராண்டோவிலோ தயாரித்ததென்றால் அது மணப்பாறைப் பாணி. சில நேரம் அதுவே புதிதாகவும் சுவையாகவும் இருக்கிறது, ஏனென்றால் அது கடலைத் தாண்டி வரவில்லை. உள்ளூரில் தமிழர்கள் பொரித்து விற்கும் பகோடாவும் மிக்சரும் பல கடைகளில் காசாளர் மேடைக்கு அருகே சாதாரணப் பொட்டலத்தில் கிடைக்கும், வார இறுதியில் வாங்கினால் நேற்றுப் பொரித்ததாகவே இருக்கும்.

பால் இனிப்புகளை மட்டும் தேடி அலைய வேண்டியதில்லை. இந்தியாவிலிருந்து பால் பொருட்கள் வருவதை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பாரிஸின் லா ஷாப்பல் கடைத்தெருவில் முறையாக வந்துசேர வழியில்லை, அங்கே விற்கும் பால்கோவா உள்ளூர்ப் பாலில் கிண்டியது. நெய்யும் அப்படித்தான், டப்பாவில் ஊர்ப் பெயர் இருந்தாலும் பால் ஐரோப்பியப் பால். வேண்டிய வாசனை வராத நெய்யை, மிதமான தீயில் ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையோடு மறுபடி காய்ச்சி இறக்கி வடிகட்டினால் ஊர் நெய்யின் மணத்துக்குப் பெரும்பகுதி வந்துவிடும்.